பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5-க்கு: முதலில் சேவ், அப்புறம் கேம்

பிஎஸ்4 வைத்திருந்தவர் பிஎஸ்5 வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "என் பழைய கேமெல்லாம் இதில் வருமா?" என்பதுதான். வரும். மிகச் சிலவற்றைத் தவிர, பிஎஸ்4-ல் ஓடும் கேம்கள் எல்லாமே பிஎஸ்5-லும் ஓடும். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மாற்றும் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஒன்று, கேம். நீங்கள் இன்ஸ்டால் செய்து வைத்திருக்கும் ஐம்பது, அறுபது ஜிபி கோப்பு. அதே கோப்பு அந்த கேமை வாங்கிய எல்லாரிடமும் இருக்கிறது. அழிந்தால் மறுபடி டவுன்லோடு செய்யலாம், டிஸ்க் இருந்தால் டிஸ்க்கிலிருந்து ஏற்றலாம். நேரமும் நெட்டும் செலவாகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, சேவ். எந்த மிஷன் வரை முடித்தீர்கள், எந்த ஆயுதம் கையில் இருக்கிறது, வரைபடத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்கிற பதிவு. பெரும்பாலும் சில எம்பிதான் இருக்கும். ஆனால் அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. நூறு மணி நேரம் திரும்ப ஆட வேண்டியதுதான். அதனால் நான் எப்போதும் சொல்வது, சேவை முதலில் பத்திரப்படுத்துங்கள், கேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமை மாற்றி முடித்த நிம்மதியில் பழைய பெட்டியை விற்றுவிடுகிறார்கள்.

சேவ் எங்கே இருக்கிறது?

பிஎஸ்4-ல் சேவ் எப்போதும் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான் எழுதப்படுகிறது. வெளியே ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டி கேமெல்லாவற்றையும் அதில் வைத்திருந்தாலும் சேவ் அங்கே போவதில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளி டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினால் கேம்கள் உடனே தெரியும், ஓடவும் ஓடும். ஆனால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும், ஏனென்றால் சேவ் பழைய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து, சேவ் ஒரு கணக்கோடு பிணைக்கப்பட்டது. உங்கள் பிஎஸ்என் கணக்கில் உண்டான சேவை உங்கள் தம்பியின் கணக்கில் திறக்க முடியாது. புதுப் பெட்டியில் அவசரத்துக்குப் புதிதாக ஒரு கணக்கு திறந்துவிட்டு, "சேவ் வரவில்லை" என்று தேடுகிறவர்கள் உண்டு. பழைய பெட்டியில் எந்தக் கணக்கோ அதே கணக்கில்தான் புதியதிலும் நுழைய வேண்டும். வீட்டில் மூன்று பேர் ஆடினால் மூன்று கணக்குக்கும் தனித்தனியாக இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆன்லைன் கணக்கே இல்லாமல் வெறும் யூசராக ஆடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை இருந்தால், பழைய பெட்டியில் அந்த யூசருக்குள் இருந்தபடியே அதற்கு ஒரு பிஎஸ்என் கணக்கைச் சேர்த்துவிட்டு அப்புறம் மாற்றத்தைத் தொடங்குங்கள்.

மூன்றாவது விஷயம்தான் எல்லாரையும் குழப்புவது. சேவ் ஒரு கேமுக்கு மட்டுமல்ல, அந்த கேமின் குறிப்பிட்ட பதிப்புக்குச் சொந்தமானது. பிஎஸ்4 கேம் ஒவ்வொன்றுக்கும் CUSA என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. டிஸ்க்கின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பிஎஸ்5 கேமுக்கு PPSA என்று தொடங்கும். சேவ் அந்த எண்ணின் கீழ்தான் அடுக்கப்படுகிறது. பெயரும் கதையும் ஒன்றாக இருந்தாலும், எண் வேறானால் பெட்டியைப் பொறுத்தவரை அது வேறு கேம். இதை விளக்கமாகக் கீழே பார்ப்போம், ஏனென்றால் கஷ்டம் வருவதெல்லாம் இங்கேதான்.

சேவுக்கு ஒரு நகல்

முதல் வேலையாக ஒரு பென் டிரைவை எடுங்கள். 16 ஜிபி இருந்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். அது FAT32 அல்லது exFAT முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் பொதுவாக அப்படித்தான் வருகின்றன. பிஎஸ்4-ல் மாட்டிவிட்டு இந்த வழியில் போங்கள்: Settings > Application Saved Data Management > Saved Data in System Storage > Copy to USB Storage Device. கேம்களின் பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து நகல் எடுங்கள். சில நிமிட வேலை.

கேம்களை வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையே இதற்கும் பயன்படுத்த முடியாது. கேம் வைப்பதற்காக பிஎஸ்4 அதைத் தன் சொந்த முறையில் ஃபார்மேட் செய்திருக்கும். சேவ் நகலுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

பிஎஸ் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடிலும் ஏற்றிவிடலாம். அதே இடத்தில் Upload to Online Storage என்று இருக்கும். பிஎஸ்4 சேவுகளுக்கு 100 ஜிபி இடம் தருகிறார்கள், தாராளமாகப் போதும். தானாகவே ஏறிக்கொண்டிருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தானியங்கிப் பதிவேற்றம் உங்கள் கணக்குக்குப் பிரைமரி என்று குறித்த பிஎஸ்4-ல்தான் நடக்கும். பெட்டி ரெஸ்ட் மோடில் நெட்டோடு இணைந்திருக்கவும் வேண்டும். ஆடி முடித்ததும் சுவிட்சையே அணைத்துவிடும் வீடுகளில் கிளவுடில் இருப்பது பல மாதம் பழையதாக இருக்கலாம். சேவுக்குப் பக்கத்தில் காட்டும் தேதியைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிஎஸ்5-ல் இவற்றை இறக்க Settings > Saved Data and Game/App Settings > Saved Data (PS4) என்ற இடத்துக்குப் போக வேண்டும். கிளவுடிலிருந்தும் இறக்கலாம், பென் டிரைவிலிருந்தும் இறக்கலாம். இந்தப் பென் டிரைவ் வசதி பிஎஸ்4 சேவுக்கு மட்டும்தான். பிஎஸ்5 கேமின் சேவை மட்டும் தனியாகப் பென் டிரைவில் எடுக்க முடியாது. அதற்கு கிளவுட், அல்லது இன்னொரு பிஎஸ்5-க்கு நேரடி மாற்றம்.

கேம்களை மாற்றுவது

இப்போது பெரிய கோப்புகள். மூன்று வழி உண்டு.

உங்கள் நெட் வேகமானதாக இருந்தால் பிஎஸ்5-ல் நேரடியாக டவுன்லோடு செய்வதே நிம்மதி. கேம் லைப்ரரியில் நீங்கள் வாங்கியதெல்லாம் இருக்கும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, பெட்டியிலிருந்து பெட்டிக்கு நேரடி மாற்றம். இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்து, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்து, பிஎஸ்4-ன் சிஸ்டம் சாஃப்ட்வேரைப் புதுப்பித்துவிடுங்கள். பிஎஸ்4-ல் டிராஃபி பகுதிக்குப் போய் அவற்றையும் சர்வரோடு ஒருமுறை சிங்க் செய்துவிடுங்கள். பிறகு பிஎஸ்5-ல் Settings > System > System Software > Data Transfer. அது பழைய பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்ததும், பிஎஸ்4-ன் பவர் பட்டனை ஒரு வினாடியாவது அழுத்திப் பிடிக்கச் சொல்லும். பீப் சத்தம் கேட்டதும் விடுங்கள். அந்தப் பெட்டி உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அது. அப்புறம் எந்த சேவ், எந்த கேம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்றும் காட்டும்.

முதல் கட்டம் ஓடும்போது பிஎஸ்5-ல் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்து பெட்டி ஒருமுறை மீண்டும் துவங்கியதும், மீதி கேம்கள் பின்னணியில் வந்துகொண்டிருக்கும், நீங்கள் ஆடத் தொடங்கலாம். இதில் நடப்பது நகல் எடுப்பது, இடம் பெயர்ப்பது அல்ல. பாதியில் கரண்ட் போனாலும் பழைய பெட்டியில் உள்ளது அப்படியே இருக்கும். மறுபடி தொடங்கினால் போதும்.

வேகம்தான் இங்கே பிரச்சினை. 2013-ல் வந்த முதல் பிஎஸ்4-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் உண்டு. அதில் வினாடிக்கு 5 எம்பி கிடைத்தால், 100 ஜிபி போக ஐந்தரை மணி நேரம் ஆகும். அதே பெட்டியில் லேன் கேபிள் துளை ஜிகாபிட் வேகம் கொண்டது. கேபிள் போட்டு, உள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 60 எம்பி கொடுத்தாலே, அதே 100 ஜிபி அரை மணி நேரத்துக்குள் போய்விடும். ரவுட்டருக்கு இரண்டு கேபிள் இழுக்க வசதியில்லை என்றால், இரண்டு பெட்டியையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைத்துவிடலாம். ஒரு சாதாரண லேன் கேபிளுக்குச் செலவழிக்கும் பணம் இங்கே நன்றாக உதவும்.

மூன்றாவது வழி, வெளி ஹார்ட் டிஸ்க். பழைய பிஎஸ்4-ல் ஏற்கெனவே ஒன்று மாட்டியிருந்தால் இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். பிஎஸ்4-ல் Settings > Devices > USB Storage Devices போய் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, கழற்றி, பிஎஸ்5-ல் மாட்டினால் கேம்கள் வந்துவிடும். மறுபடி நகல் எடுக்கத் தேவையில்லை. புதிதாக வாங்குவதென்றால் யூஎஸ்பி 3.0 அல்லது அதற்கு மேல், 250 ஜிபி முதல் 8 டிபி வரை. முதலில் பெட்டி அதை ஃபார்மேட் செய்யும் என்பதால், அதற்குள் கல்யாண ஃபோட்டோ எதுவும் இருந்தால் முன்பே வேறு இடத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பிஎஸ்4 கேம்கள் இந்த வெளி டிஸ்க்கிலிருந்தே ஓடும். பிஎஸ்5 கேம்களை அதில் வைக்க மட்டும்தான் முடியும். ஆட வேண்டுமென்றால் உள்ளே கொண்டுவர வேண்டும். அதனால் எனக்குப் பிடித்த ஏற்பாடு, பழைய கேமெல்லாம் வெளியே, புதியதெல்லாம் உள்ளே. முதல் பிஎஸ்5-ன் 825 ஜிபியில் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபிதான். நிறைந்து கிடக்கும் 1 டிபி பிஎஸ்4-ஐ அப்படியே அதற்குள் கொட்ட முடியாது.

டிஸ்க்கில் வாங்கிய கேம்களுக்கு ஒரு விதி: கோப்பை நகல் எடுத்துவிட்டதால் டிஸ்க் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஆடும்போது பிஎஸ்5-ல் டிஸ்க்கைப் போட்டாக வேண்டும். டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் அந்த கேம்கள் அங்கே ஓடாது. பெட்டி வாங்கும் முன் அலமாரியில் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே கேம், இரண்டு பதிப்பு

இனி அந்த எண் விஷயம். ஒருவர் நான்கு கேம்களோடு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: காட் ஆஃப் வார் 2018, கோஸ்ட் ஆஃப் சுஷிமா, ஜிடிஏ 5, ஃபிஃபா 21. நான்கின் சேவும் பிஎஸ்5-க்குள் வந்துவிட்டது. ஆனால் நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

காட் ஆஃப் வாருக்குத் தனி பிஎஸ்5 பதிப்பே கிடையாது. பிஎஸ்4 கேம்தான் பிஎஸ்5-ல் ஓடுகிறது. 2021 பிப்ரவரியில் வந்த அப்டேட்டால் வினாடிக்கு 60 ஃபிரேம் வரை ஓடுகிறது. எண் மாறவில்லை, எனவே சேவ் அப்படியே திறக்கும். Continue அழுத்தி ஆடலாம். பெரும்பாலான பழைய கேம்கள் இந்த வகைதான்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுக்கு 2021 ஆகஸ்டில் டைரக்டர்ஸ் கட் என்று தனி பிஎஸ்5 பதிப்பு வந்தது. அதை வாங்கித் திறந்தால் பழைய சேவ் தானாக வந்து நிற்காது. ஆனால் அதன் முதல் திரையிலேயே பிஎஸ்4 சேவை மாற்றிக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறார்கள். பிஎஸ்5-ன் உள் சேமிப்பில் பிஎஸ்4 சேவ் ஏற்கெனவே இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்ததும் எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன பென் டிரைவ் வேலையைச் செய்திருந்தால் இது ஒரு நிமிட வேலை.

ஜிடிஏ 5-ன் பிஎஸ்5 பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. அது பெட்டிக்குள் இருக்கும் பிஎஸ்4 சேவைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பிஎஸ்4 பதிப்பைத் திறந்து, ஸ்டோரி மோடில் பாஸ் மெனுவில் Game பகுதிக்குப் போய், அங்கிருந்து சேவை ராக்ஸ்டாரின் சர்வருக்கு ஏற்ற வேண்டும். அதற்கு ராக்ஸ்டார் கணக்கு உங்கள் பிஎஸ்என் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். பிறகு பிஎஸ்5 பதிப்பைத் திறந்து அங்கே இறக்கிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு சேவ்தான், 90 நாட்களுக்குள் இறக்கியாக வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, ஏற்றுவதற்குப் பழைய பதிப்பு திறந்தாக வேண்டும். பிஎஸ்4 டிஸ்க்கை விற்றுவிட்டால், சேவ் கையில் இருந்தும் அதை ஏற்ற வழியில்லை. ஜிடிஏ ஆன்லைனில் ஆடுபவர்களுக்கு அந்தக் கதாபாத்திரத்தையும் பணத்தையும் கொண்டுவரும் வாய்ப்பு தனியாக வரும். அது ஒருமுறைதான், அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

ஃபிஃபா 21-ல் கதை வேறு. அல்டிமேட் டீம் சர்வரில் இருந்ததால் பிஎஸ்5 பதிப்பிலும் அதே அணி வந்தது. ஆனால் கேரியர் மோடு வராது. எத்தனை சீசன் ஆடியிருந்தாலும் பிஎஸ்5 பதிப்பில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். பெர்சோனா 5 ராயலும் இப்படித்தான், பிஎஸ்4 சேவ் பிஎஸ்5 பதிப்பில் ஏறாது. இதில் நம் தவறு ஒன்றுமில்லை; செய்தவர்கள் வசதி வைக்கவில்லை. ஆனால் வழி இருக்கிறது: பிஎஸ்5-லேயே பிஎஸ்4 பதிப்பை இன்ஸ்டால் செய்து, பழைய சேவோடு தொடர்ந்து ஆடலாம். நூறு மணி நேரம் ஓடிய ஆட்டத்தைக் கொஞ்சம் அழகான படத்துக்காக விட்டுவிடுவதைவிட இது நல்லது என்று நினைக்கிறேன்.

ஆகவே, "சேவ் காணோம்" என்று பதறும் முன் எந்தப் பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு பதிப்பும் கைவசம் இருக்கும்போது, விளையாடும் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். பிஎஸ்4 பதிப்பின் மேல் PS4 என்று எழுதியிருக்கும். பாதி நேரம் சேவ் அந்தப் பக்கம்தான் பத்திரமாக இருக்கும்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டிஸ்க் வரும் வீடுகள் நம்மிடம் ஏராளம், அவர்களுக்கு இன்னொன்று. வெவ்வேறு பிராந்தியத்துக்காக அச்சிட்ட டிஸ்க்குகளுக்கு CUSA எண் வேறாக இருக்கலாம். வெளிநாட்டு டிஸ்க்கில் ஆடிய சேவோடு, இங்கே இந்திய ஸ்டோரில் அதே கேமை டிஜிட்டலாக வாங்கினால், சேவைக் கண்டுகொள்ளாமல் போக வாய்ப்பு உண்டு. பிஎஸ்5-க்கான அப்கிரேடும் டிஸ்க்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். பணம் கட்டும் முன் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய பெட்டியைக் கொடுப்பதற்கு முன்

பிஎஸ்5-ல் முக்கியமான ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து, சேவை லோடு செய்து, கடைசியாக நின்ற இடத்தில்தான் நிற்கிறீர்களா என்று பாருங்கள். பட்டியலில் பெயர் தெரிகிறது என்பது போதாது. முதல் திரையில் Continue இல்லாமல் New Game மட்டும் தெரிந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அங்கே புதிதாகத் தொடங்கினால் ஆட்டோசேவ் எழுதத் தொடங்கும், கிளவுட் சிங்க் இருந்தால் அந்த வெறும் சேவ் நல்ல சேவின் மேலே ஏறிவிடக்கூடும். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று பெட்டி கேட்டால், தேதியோடு கேமின் பெயரையும் பாருங்கள். புதிய தேதி எப்போதும் சரியான சேவ் ஆகாது.

பிஎஸ்4-ல் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் வீடியோக்களும் வேண்டுமென்றால், கேப்சர் கேலரியிலிருந்து பென் டிரைவுக்குத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். சேவ் நகலில் அவை வராது.

எல்லாம் சரியாக இருந்தால், பிஎஸ்4-ல் Settings > Account Management > Activate as Your Primary PS4 போய் அதை Deactivate செய்யுங்கள். பிறகு Settings > Initialization > Initialize PS4 > Full. பல மணி நேரம் ஓடும், இரவில் விட்டுவிடலாம். முடிந்ததும் டிஸ்க் எதுவும் உள்ளே மாட்டியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். சேவ் நகல் உள்ள பென் டிரைவை மட்டும் உடனே அழித்துவிடாதீர்கள். பாதியில் விட்ட கேம் எதையாவது அடுத்த லீவில் திறக்கும்போது அது தேவைப்படலாம்.